வினைமுற்றிலிருந்து பின்னோக்கி

தமிழ் வாக்கியத்தில் வினைமுற்று பெரும்பாலும் கடைசியில் நிற்கும். அதனால் பிழை பார்ப்பவர் முதல் சொல்லிலிருந்து படித்துக்கொண்டு வருவதைவிட, கடைசிச் சொல்லில் தொடங்கிப் பின்னோக்கிப் போவதே நல்லது. முன்னிருந்து படித்தால் பொருள் ஓட்டம் இழுத்துக்கொண்டு போய்விடும், விகுதி கண்ணில் படாது.

கீழே உள்ள செய்தியில் ஐந்து பிழைகள் இருக்கின்றன:

"ஊராட்சியில் உள்ள மூன்று குளங்களின் நீர்மட்டம் கடந்த வாரம் பெய்த மழையால் வேகமாக உயர்ந்தன. அவைகளைப் பார்வையிட்ட மாவட்ட ஆட்சியர், கரையோர மக்களை உதவும்படி அதிகாரிகளிடம் உத்தரவிட்டனர்."

முதல் வாக்கியத்தின் முற்று "உயர்ந்தன". இதன் விகுதி பலவின்பாலுக்கு உரியது. அப்படியானால் உயர்ந்தவை பல பொருள்களாக இருக்க வேண்டும். உயர்ந்தது எது என்று கேட்டுப் பார்க்கலாம். எழுவாய் வேற்றுமைக்கு உருபு கிடையாது என்பது இங்கே கைகொடுக்கும். ஊராட்சியில், குளங்களின், மழையால் ஆகிய மூன்றிலும் உருபு ஒட்டியிருக்கிறது. எனவே இவற்றில் எதுவும் எழுவாய் ஆகாது. "வாரம்" உருபில்லாமல் நின்றாலும் அது காலத்தைச் சொல்வது, உயர்ந்த பொருள் அன்று. மிஞ்சுவது "நீர்மட்டம்". அது ஒருமை, ஆகவே "உயர்ந்தது" என்பதே சரி. "மூன்று குளங்கள்" என்ற பன்மை காதில் ஒலித்துக்கொண்டே இருந்ததால்தான் எழுதியவரின் கை பன்மை விகுதிக்குப் போயிருக்கிறது. நீண்ட வாக்கியங்களில் மிகுதியாக நேரும் பிழை இது. எழுவாய்க்கு முன்னால் ஆறாம் வேற்றுமையில் ஒரு பன்மைப் பெயர் வந்தாலே எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

இரண்டாம் வாக்கியத்தின் முற்று "உத்தரவிட்டனர்". உத்தரவிட்டவர் ஆட்சியர் ஒருவரே. அவருக்கு உரிய மரியாதையை "உத்தரவிட்டார்" என்பதே கொடுத்துவிடும்; எழுத்து வழக்கில் "அனர்" என்ற விகுதி பலருக்கு மட்டுமே உரியது. "அவைகளை" என்பது இன்னொரு பிழை. "அவை" ஏற்கெனவே பன்மை, "கள்" தேவையில்லை. உருபு ஏற்கும்போது அது "அவற்றை" என்று திரியும்.

எஞ்சிய இரண்டும் வேற்றுமைப் பிழைகள். எந்த உருபு வர வேண்டும் என்பதை வினைதான் முடிவு செய்கிறது. "காப்பாற்று" என்றால் மக்களை. "உதவு" என்றால் மக்களுக்கு. "கேள்" என்றால் அதிகாரிகளிடம். "உத்தரவிடு" என்றால் அதிகாரிகளுக்கு. பொருள் நெருங்கிய வினைகள் வெவ்வேறு உருபைக் கேட்பதால், எழுதும்போது மனத்தில் இருந்த வினை ஒன்றும் தாளில் விழுந்த வினை வேறொன்றுமாக இருந்தால் இப்படிப் பிழை நேர்ந்துவிடும். வினையையும் பெயரையும் மட்டும் தனியே எடுத்து, "மக்களை உதவு" என்று வாய்விட்டுச் சொன்னால் காதே காட்டிக்கொடுக்கும்.

உருபு விடுபடுவதையும் கவனிக்க வேண்டும். அஃறிணைப் பெயரில் "ஐ" மறைந்து வருவது இயல்பு: "மரம் வெட்டினான்" என்பதில் குறையில்லை. உயர்திணையில் அப்படி விட முடியாது. "கண்ணன் அழைத்தான்" என்றால் கண்ணன் அழைத்தவன் ஆகிவிடுகிறான், அழைக்கப்பட்டவன் ஆவதில்லை. அஃறிணையிலும் இரண்டு உயிர்கள் எதிரெதிரே வந்தால் உருபு கட்டாயம் வேண்டும். "யானை புலி கொன்றது" என்றால் செத்தது எது என்று தெரியாது. திணையும் பாலும் எண்ணும் இரண்டுக்கும் ஒன்றே என்பதால் வினை விகுதியும் இங்கே உதவாது. "புலியைக் கொன்றது" என்று "ஐ" வந்தபின்தான் பொருள் தெளிகிறது. அதன்பின் வல்லினம் மிகுவதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

நான்காம் வேற்றுமையில் ஆள் நிற்கும் வாக்கியங்களைத் திருத்தும்போது அவசரப்படக்கூடாது. "அவளுக்கு அந்தக் கதைகள் பிடித்தன" என்பதில் விருப்பம் அவளுடையது. ஆனாலும் வினை இயைவது உருபில்லாத "கதைகள்" என்ற பெயரோடு. "அவனுக்கு இரண்டு மகள்கள் இருக்கிறார்கள்" என்பதும் அவ்வாறே. "கு" உருபைப் பார்த்ததும் அந்தப் பெயரை எழுவாய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டால் குழப்பம் வராது.

சில முற்றுகளில் இயைபு பார்க்கவே இடமில்லை. வரவில்லை, வேண்டும், முடியும் போன்றவை திணை, பால், எண் எதையும் காட்டுவதில்லை. "வரும்" என்பது "அது", "அவை" இரண்டுக்கும் பொதுவாக நிற்கும். "வந்தான்" என்பதில் விகுதியே ஆளைக் காட்டிவிடும். "வரவில்லை" என்பதில் அந்த வசதி கிடையாது. "அவன்" சொல்லப்படாமல் விடுபட்டு, முன் வாக்கியத்திலும் இரண்டு பேர் இருந்தால், வராதவர் யார் என்று விகுதியை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. எழுவாயை எழுதியே ஆக வேண்டும்.