தவணையைக் குறைக்க மறுக்கும் கடிதம்

“தங்கள் கோரிக்கையை ஏற்க இயலவில்லை” என்ற முதல் வரியோடு பலர் அந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிடுகிறார்கள். படிக்க வேண்டியது அதற்குக் கீழே எழுதியிருக்கும் காரணங்களை.

ஒரு மாதிரிக் கணக்கு பார்ப்போம். 46 வயதுக்காரர். வீட்டுக் கடன் பாக்கி 20 லட்சம், வட்டி 9 சதவீதம், இன்னும் 12 ஆண்டுகள். மாதத் தவணை சுமார் 22,760 ரூபாய். வேலை மாறியதில் சம்பளம் 30,000-க்கு இறங்கிவிட்டது. இரண்டு தவணை நிலுவை. கடனை 20 ஆண்டுகளுக்கு நீட்டித்தால் தவணை 18,000 ஆகுமே என்று கேட்கிறார். வங்கி மறுக்கிறது. ஒன்று, கடன் முடியும்போது அவருக்கு 66 வயது. மற்றொன்று, தனிநபர் கடனுக்கு மாதம் 9,000 போகிறது. தவணையைக் குறைத்த பிறகும் குடும்பத்துக்கு மிஞ்சுவது 3,000 ரூபாய்தான் என்பதால், மறுபடியும் தவணை தவறும் என்று வங்கி கணக்குப் போடுகிறது.

வங்கி சொல்லாத ஒன்றும் உண்டு. நெருக்கடியில் இருப்பவரின் கடனை மறுசீரமைத்தால், ரிசர்வ் வங்கி விதிப்படி பெரும்பாலும் அதை வாராக்கடனாக வகைப்படுத்தி, இழப்புக்கெனத் தனியே பணம் ஒதுக்க வேண்டும். தயக்கம் அதனாலும்தான்.

இப்போது அந்தக் காரணங்களையே பிடித்துக்கொண்டு யோசிக்கலாம். வேலைக்குப் போகும் மகனைக் கூட்டுக் கடன்தாரராகச் சேர்த்தால் வயதும் வருமானமும் ஒருசேர மாறும், புதிதாக விண்ணப்பிக்கலாம். ஊரில் ஒரு மனையை விற்று 5 லட்சம் கிடைக்கிறது என்றால்? முழுவதையும் வீட்டுக் கடனில் கட்டினால் தவணை 17,070 ஆகும். தனிநபர் கடனோடு சேர்த்து 26,070. அதற்குப் பதிலாக, தனிநபர் கடன் பாக்கியான 2 லட்சத்தை அடைத்துவிட்டு மீதி 3 லட்சத்தை வீட்டுக் கடனில் போட்டால் மொத்தத் தவணையே 19,350-தான். மாறும் வட்டி வீட்டுக் கடனில் தனிநபர் முன்கூட்டிக் கட்ட அபராதம் கிடையாது. ஆனால் “காலத்தை அல்ல, தவணையைக் குறையுங்கள்” என்று எழுதிக் கொடுக்க வேண்டும்; இல்லாவிட்டால் காலம்தான் குறையும். எதுவும் முடியாதபோது, ஏலத்துக்குப் போகுமுன் வங்கியிடம் சொல்லிவிட்டு வீட்டைத் தாமே விற்பது நல்ல விலை தரும்.

இதற்கிடையே நாள் ஓடுகிறது. மனு கொடுத்துவிட்டதால் தவணைக் கெடு நிற்காது. நிலுவை 90 நாளைத் தாண்டினால் கணக்கு வாராக்கடன். அதற்குமுன் மிகப் பழைய ஒரு தவணையைக் கட்டினாலே கெடு ஒரு மாதம் தள்ளிப்போகும். தாண்டிவிட்டால் அத்தனை நிலுவையையும் கட்டினால்தான் கணக்கு பழைய நிலைக்குத் திரும்பும். மறுத்தது தவறு என்று ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போவதில் பயனில்லை; வங்கியின் வணிக முடிவுகளில் அவர் தலையிடுவதில்லை. எழுத்துமூலம் புகார் கொடுத்து 30 நாளாகியும் வங்கி பதிலே தரவில்லை என்றால் அவரிடம் போகலாம்.