இரவில் ஓதிய பாடம் காலையில் திடமாவது எப்படி?

இரவில் எத்தனை முறை திருப்பி ஓதினாலும் தடுமாறிக்கொண்டே இருந்த ஒரு பாடம், காலையில் உஸ்தாத் முன்னால் அமர்ந்ததும் தடையில்லாமல் வந்துவிடும். மதரஸாவில் மனனம் செய்தவர்கள் அநேகமாக எல்லோரும் இதை அனுபவித்திருப்போம். இடைப்பட்ட நேரத்தில் அதை நாம் ஒருமுறைகூட ஓதவில்லை. உறங்கினோம், அவ்வளவுதான்.

இன்னொரு பக்கம், பரீட்சை நெருங்கிவிட்டால் நம் வீடுகளில் முதலில் குறைக்கப்படுவது பிள்ளைகளின் உறக்கம்தான். விடிய விடியப் படிப்பதை உழைப்பு என்றும், பத்து மணிக்கே படுப்பதைச் சோம்பல் என்றும் எண்ணுகிறோம். அந்த உறக்கத்தில் மூளை என்ன செய்கிறது என்று தெரிந்தால் இந்தக் கணக்கை நாமே மாற்றிக்கொள்வோம்.

நூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு சோதனை

1924இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்ற இரு உளவியலாளர்கள் இரண்டு மாணவர்களை வைத்து எளிய சோதனை ஒன்றைச் செய்தார்கள். பொருளற்ற பத்து அசைகளை மனப்பாடம் செய்ய வைத்து, சில மணி நேரம் கழித்து எத்தனை நினைவிருக்கின்றன என்று கேட்டார்கள். சில நாட்களில் அந்த இடைவெளி பகல் வேலைகளில் கழிந்தது. சில நாட்களில் உறக்கத்தில் கழிந்தது. எட்டு மணி நேரம் விழித்திருந்த பிறகு பத்தில் ஏறத்தாழ ஒன்றுதான் மிஞ்சியது. அதே எட்டு மணி நேரம் உறங்கிய பிறகு பாதிக்கு மேல் நினைவில் நின்றன.

அன்று இதற்குச் சொல்லப்பட்ட விளக்கம் சாதாரணமானது. உறங்கும்போது புதிய காட்சிகளும் பேச்சும் மூளைக்குள் வருவதில்லை. அதனால் பழையது கலைவதில்லை. அதாவது, உறக்கம் ஒரு போர்வை. மூடிப் பாதுகாக்கும், வேறொன்றும் செய்யாது. இது முழு உண்மையல்ல என்பது தெரியவர வெகுகாலம் ஆயிற்று.

ஒரே இரவு, பல உறக்கங்கள்

தலையில் மின்முனைகளைப் பொருத்தி மூளையின் மின் அலைகளைப் பதியும் கருவிதான் இ.இ.ஜி. உறங்குபவருக்கு இதைப் பொருத்திப் பார்த்தால், உறக்கம் ஒரே மாதிரி நீடிப்பதில்லை என்பது தெரியும்.

கண் அயர்ந்ததும் வருவது சில நிமிடங்களே நீடிக்கும் மெல்லிய உறக்கம். யாராவது தொட்டால், ‘நான் தூங்கவே இல்லையே’ என்போமே, அந்த நிலை. அடுத்து வருவது இரண்டாம் நிலை. இரவின் ஏறக்குறைய பாதி இதில்தான் கழிகிறது. இந்த நிலையில் வினாடிக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து துடிப்புகள் கொண்ட குறுகிய அலைக்கொத்துகள் இ.இ.ஜி.யில் தோன்றி, ஓரிரு வினாடிகளில் அடங்கும். நூல் சுற்றிய கதிர் போன்ற வடிவம் என்பதால் இவற்றை ஸ்பிண்டில் என்கிறார்கள். மூன்றாவது ஆழ்ந்த உறக்கம். அலைகள் மிக மெதுவாகவும் உயரமாகவும் எழும். இந்த நேரத்தில் எழுப்பப்பட்ட பிள்ளை எங்கே இருக்கிறோம் என்றே தெரியாமல் விழிக்கும்.

இதன் பிறகு வருவது ரெம் உறக்கம். மூடிய இமைகளுக்குள் விழிகள் வேகமாக அசையும். மூளை அலைகள் விழித்திருப்பவருடையதைப் போல இருக்கும். ஆனால் கைகால் தசைகள் செயலற்றுக் கிடக்கும். தெளிவான கனவுகள் பெரும்பாலும் இதில்தான் வருகின்றன. சிகாகோ பல்கலைக்கழகத்தின் அசெரின்ஸ்கி, கிளைட்மன் இருவரும் 1953இல் இதை உலகுக்கு அறிவித்தார்கள். அசெரின்ஸ்கி தன் சொந்த மகனைப் படுக்கவைத்துப் பதிவு செய்தபோதுதான் இந்த விழியசைவைக் கவனித்தார்.

இந்தச் சுற்று முடிய ஏறத்தாழ தொண்ணூறு நிமிடங்கள் ஆகும். ஓரிரவில் நான்கைந்து சுற்றுகள் நடக்கும். ஆனால் எல்லாச் சுற்றும் ஒன்றுபோல இருப்பதில்லை. ஆழ்ந்த உறக்கத்தின் பெரும்பங்கு இரவின் முற்பாதியில் வந்துவிடுகிறது. ரெம் உறக்கமோ முதல் சுற்றில் சில நிமிடங்களே இருந்து, விடியலை நெருங்க நெருங்க நீள்கிறது. இதை மனதில் வைத்துக்கொள்வோம், கடைசியில் தேவைப்படும்.

குறிப்பேடும் நூலகமும்

மூளையின் உட்பகுதியில், காதுகளுக்கு நேர் உள்ளே, பக்கத்துக்கு ஒன்றாக ஹிப்போகாம்பஸ் என்ற சிறிய உறுப்பு இருக்கிறது. அதன் வேலை தெரியவந்தது ஒரு மனிதரின் இழப்பினால். ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்க இளைஞருக்கு அடங்காத வலிப்பு நோய். 1953இல் செய்யப்பட்ட அறுவை சிகிச்சையில் அவருடைய இரு ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதி அகற்றப்பட்டது. வலிப்பு குறைந்தது. ஆனால் அதன் பிறகு சந்தித்த எவரையும், நடந்த எந்தச் சம்பவத்தையும் அவரால் நினைவில் நிறுத்த முடியவில்லை. சிறுவயது நினைவுகள் மட்டும் அப்படியே இருந்தன.

இதிலிருந்து ஒன்று விளங்கியது. புதிய செய்தி முதலில் ஹிப்போகாம்பஸில் விரைவாகக் குறித்துக்கொள்ளப்படுகிறது. நாள்பட்ட நினைவு மூளையின் மேற்பரப்பான புறணியில் பரந்து நிலைக்கிறது. முன்னது குறிப்பேடு என்றால் பின்னது நூலகம். அப்படியானால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எழுதி மாற்றும் வேலை எப்போது நடக்கிறது?

1994இல் வில்சன், மெக்நாட்டன் என்ற ஆய்வாளர்கள் எலிகளின் ஹிப்போகாம்பஸில் நுண்ணிய மின்கம்பிகளைப் பொருத்தினார்கள். எலி ஓடும் பாதையில் ஒவ்வோர் இடத்துக்கும் குறிப்பிட்ட செல்கள் துடிக்கும். ஓடும்போது சேர்ந்து துடித்த செல்களே, பின்னர் எலி ஆழ்ந்து உறங்கும்போதும் சேர்ந்து துடித்தன. எலி பகலில் கடந்த பாதையை உறக்கத்தில் மீண்டும் ‘ஓதியது’ என்றே சொல்லலாம். அடுத்தடுத்த ஆய்வுகள், துடிப்பின் வரிசையும் அப்படியே திரும்ப வருவதைக் காட்டின. அதுவும் பகலில் நடந்ததைவிடப் பல மடங்கு வேகத்தில்.

இது எப்போது வேண்டுமானாலும் நடப்பதில்லை. ஆழ்ந்த உறக்கத்தின் மெதுவான அலை எழும்போது புறணி செய்தியை வாங்கத் தயாராகிறது. அந்த அலையின் மேல் ஸ்பிண்டில் வந்து அமர்கிறது. ஸ்பிண்டிலின் இடைவெளிகளில், ஹிப்போகாம்பஸிலிருந்து மிக வேகமான சிற்றலைகள் புறப்படுகின்றன. மீள ஓதப்படும் பாடம் இந்தச் சிற்றலைகளில்தான் ஏறி வருகிறது. பாடம் கேட்கும் மாணவர் நிமிர்ந்து அமர்ந்த கணத்தில் உஸ்தாத் வாய் திறப்பது போன்ற ஒழுங்கு இது. முதுமையில் இந்த ஒழுங்கு தளர்கிறது. வயதானவர்களுக்குப் புதியவை நிற்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன.

ரோஜா மணம் சொன்ன பதில்

உறக்கம் வெறும் போர்வையா, உண்மையில் வேலை செய்கிறதா? ஜெர்மனியின் லூபெக் பல்கலைக்கழகத்தில் ராஷ், போர்ன் ஆகியோரின் குழு 2007இல் இதை நேரடியாகச் சோதித்தது.

பங்கேற்றவர்கள் மாலையில் கணினித் திரையில் ஜோடி அட்டைகள் இருந்த இடங்களை மனனம் செய்தார்கள். அப்போது அவர்களுக்கு ரோஜா மணம் கொடுக்கப்பட்டது. பின்னர் அவர்கள் ஆழ்ந்து உறங்கும்போது, அவர்களை எழுப்பாமல், அதே மணம் மீண்டும் கொடுக்கப்பட்டது. காலையில் அவர்கள் சுமார் 97 விழுக்காடு இடங்களைச் சரியாகச் சொன்னார்கள். உறக்கத்தில் மணம் கொடுக்கப்படாத இரவுக்குப் பிறகு அது சுமார் 86 விழுக்காடுதான்.

மணத்தின் பொதுவான பலனாக இருக்குமோ? அதையும் சோதித்தார்கள். கற்கும்போது மணம் தராமல் உறக்கத்தில் மட்டும் தந்தபோது பலனில்லை. ரெம் உறக்கத்தில் தந்தபோதும், விழித்திருக்கும்போது தந்தபோதும் பலனில்லை. ஆழ்ந்த உறக்கத்தில் மணம் தரப்பட்ட நேரத்தில் ஹிப்போகாம்பஸ் கிளர்ந்தெழுந்ததை ஸ்கேன் காட்டியது. பாடத்தோடு சேர்ந்து பதிந்த மணம், அந்தப் பாடத்தை மீண்டும் ஓதத் தூண்டியிருக்கிறது.

இதைக் கேட்டு, பாடத்தை ஒலிப்பதிவு செய்து தூங்கும் பிள்ளையின் காதில் ஓடவிட வேண்டாம். முன்பே கற்றது உறுதிப்படுவது வேறு, புதிய பாடத்தை உறக்கத்தில் கற்பது வேறு. 1950களில் இ.இ.ஜி.யைப் பார்த்துக்கொண்டே இதைச் சோதித்தவர்கள், உண்மையான உறக்கத்தில் ஒலித்த செய்தி காலையில் நினைவுக்கு வரவில்லை என்று கண்டார்கள்.

ரெம் உறக்கத்தின் பங்கு

‘கனவுறக்கத்தில்தான் பாடம் பதிகிறது’ என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. இதற்குச் சான்று அத்தனை பலமாக இல்லை. மனச்சோர்வுக்குத் தரப்படும் சில மருந்துகள் ரெம் உறக்கத்தைப் பெருமளவு அடக்கிவிடுகின்றன. ஆனாலும் அவற்றை உட்கொள்பவர்கள் நினைவாற்றலை இழந்து நிற்பதில்லை. அதற்காக ரெம் வீணானதும் அல்ல. 2016இல் வெளிவந்த ஆய்வொன்றில், எலிகளின் ரெம் உறக்கத்தில் எழும் ஒரு தாள அலையை ஒளியின் உதவியால் அடக்கினார்கள். பகலில் அச்சத்தை அனுபவித்த இடத்தை அந்த எலிகளால் மறுநாள் சரியாக நினைவுகூர முடியவில்லை. சொற்களையும் இடங்களையும் நிலைநிறுத்துவதில் ஆழ்ந்த உறக்கத்தின் பங்கு தெளிவாகத் தெரிகிறது. ரெம்மின் பங்கு குறித்து அறிஞர்களிடையே விவாதம் தொடர்கிறது.

நம் பிள்ளையின் ஓர் இரவு

இப்போது கணக்குக்கு வருவோம். பத்தரைக்குப் படுத்து ஐந்தரைக்கு எழும் பிள்ளைக்கு நான்கு முழுச் சுற்றுகளுக்கு மேல் கிடைக்கின்றன. மூன்று மணி வரை படித்துவிட்டு ஆறுக்கு எழும் பிள்ளைக்கு இரண்டு சுற்றுகள். உடல் ஆழ்ந்த உறக்கத்தை முதலில் பிடித்துக்கொள்வதால் அதில் ஒரு பகுதி தப்பும். ஆனால் ஸ்பிண்டில்கள் நிறைந்த இரண்டாம் நிலையிலும் ரெம் உறக்கத்திலும் பெரும்பங்கு போய்விடும். உறங்கவே உறங்காத பிள்ளைக்கு எதுவும் இல்லை. மறுநாள் அவனுடைய ஹிப்போகாம்பஸும் புதியதைச் சரியாகக் குறித்துக்கொள்ளாது.

‘பரீட்சை முடிந்ததும் தூங்கி ஈடுகட்டலாம்’ என்பார்கள். ஸ்டிக்கோல்ட் என்பவரின் குழு 2000இல் ஒரு பார்வைத் திறனைப் பயிற்றுவித்து, அன்றிரவு மட்டும் உறங்கவிடாமல் செய்து, அடுத்த இரண்டு இரவுகள் தாராளமாக உறங்கவிட்டது. வழக்கமாக உறக்கத்துக்குப் பின் தெரியும் முன்னேற்றம் அவர்களிடம் தெரியவில்லை. எல்லா வகைப் பாடத்துக்கும் இதே அளவு பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் கற்ற அன்றைய இரவுக்கு இருக்கும் இடத்தைப் பின்வரும் இரவுகள் அப்படியே நிரப்பிவிடுவதில்லை என்று இது எச்சரிக்கிறது.

ஆகவே, புரியாத பாடத்தைப் படுக்கையில் போட்டுவிட்டால் உறக்கம் அதைப் புரியவைத்துவிடாது. ஓதாத பாடத்தை அது ஓதித் தராது. ஆனால் ஓதிய பாடத்தைக் கையிலிருந்து வாங்கி, உரிய இடத்தில் வைக்கும். அந்தப் பாடத்தைக் காலையில் எழுந்ததும் ஒருமுறை பார்க்காமல் சொல்லச் சொல்லுங்கள். எது நின்றது, எது நிற்கவில்லை என்று பிள்ளைக்கே தெரிந்துவிடும். இன்றிரவு பதினொரு மணிக்கு விளக்கை அணைக்கச் சொல்லும்போது, பிள்ளையின் படிப்பை நாம் நிறுத்தவில்லை. அதன் மீதி வேலை தொடங்கத்தான் வழிவிடுகிறோம்.