விலை ஏற ஏற வாங்கியே ஆக வேண்டியவர்கள்

அமெரிக்காவில் வீடியோ கேம் விற்கும் கடைத் தொடர் கேம்ஸ்டாப். 2021 ஜனவரி 12 அன்று அதன் பங்கு ஏறத்தாழ 20 டாலர். 27ஆம் தேதி சந்தை முடியும்போது 347 டாலர். கடைகளில் கூட்டம் பெருகியதால் வந்த ஏற்றம் அல்ல இது. அப்போது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று ‘காமா ஸ்குவீஸ்’. பங்கின் மதிப்பைப் பற்றி எந்தக் கருத்தும் இல்லாத ஒருவர், விலை ஏறுகிறது என்ற ஒரே காரணத்துக்காக மேலும் மேலும் வாங்க வேண்டிய நிலை அது.

அந்த ஒருவர்தான் ஆப்ஷன் மார்க்கெட் மேக்கர். ஒரு பங்கைக் குறிப்பிட்ட தேதிக்குள் குறிப்பிட்ட விலைக்கு வாங்கும் உரிமையே கால் ஆப்ஷன். அதை நீங்கள் வாங்க நினைத்தால் பெரும்பாலும் எதிர்ப்பக்கத்தில் நின்று விற்பவர் இவர். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையிலுள்ள சிறு வித்தியாசமே இவருக்கு வருமானம். பங்கு ஏறுமா இறங்குமா என்று பந்தயம் கட்டுவது இவர் தொழில் இல்லை. அதனால் ஆப்ஷனை விற்ற கையோடு, ஏற்றத்தால் வரும் நஷ்டத்தை ஈடுகட்டும் அளவுக்குப் பங்கை வாங்கி வைத்துக்கொள்கிறார். எத்தனை பங்கு என்பதைச் சொல்லும் எண்தான் டெல்டா. பங்கு 1 டாலர் ஏறினால் ஆப்ஷன் 30 சென்ட் ஏறும் என்றால் டெல்டா 0.30.

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். கடுமையாக ஏறி இறங்கும் ஒரு பங்கு, இப்போது 50 டாலர். அதை 60 டாலருக்கு வாங்கும் உரிமை தரும் கால் ஆப்ஷன், காலாவதிக்கு இன்னும் ஒரு வாரம். மார்க்கெட் மேக்கர் 1,000 ஒப்பந்தங்கள் விற்கிறார். ஒப்பந்தத்துக்கு 100 பங்கு வீதம் மொத்தம் 1 லட்சம் பங்குக்கான உரிமை. டெல்டா 0.30 என்பதால் உடனே 30,000 பங்கு வாங்குகிறார்.

விலை விரைவாக 60 ஆகிறது. டெல்டா 0.55க்கு ஏறிவிடுகிறது, இன்னும் 25,000 பங்கு வாங்க வேண்டும். 70 ஆனால் டெல்டா சுமார் 0.75, மேலும் 20,000. டெல்டா இப்படி விலையோடு சேர்ந்து நகரும் வேகத்துக்குப் பெயர் காமா. பெரிய நிறுவனத்தின் பங்கில் இந்த 25,000 வந்த சுவடே தெரியாது. சந்தையில் புழங்கும் பங்குகள் குறைவாக இருந்து, இப்படிப்பட்ட ஒப்பந்தங்கள் லட்சக்கணக்கில் விற்கப்பட்டிருந்தால், அவர் வாங்குவதே விலையை ஏற்றும். ஏறிய விலை டெல்டாவை ஏற்றும். மறுபடி வாங்க வேண்டும். ஏறும்போது வாங்கி இறங்கும்போது விற்பதால் அவருக்குத் தொடர்ந்து சிறு நஷ்டம்தான்; அதற்காகத்தான் முன்கூட்டியே பிரீமியம் வாங்கிக்கொள்கிறார்.

இந்த விசைக்கு எல்லை உண்டு. 80 டாலரில் டெல்டா 0.88, இனி வாங்க மிச்சமிருப்பது கொஞ்சம்தான். புதிதாக யாராவது இன்னும் உயர்ந்த விலைக்கான கால்களை வாங்கினால்தான் சுழற்சி தொடரும். விலை நகராமல் நின்றாலும் கதை திரும்பிவிடும். மேலே சொன்ன பங்கு 50இலேயே தங்கினால், காலாவதிக்கு முந்தைய நாள் டெல்டா 0.08 அளவுக்குச் சுருங்கும். அப்போது 30,000 பங்கில் 22,000ஐ அவர் விற்றிருப்பார். ஏற்றிவிட்ட அதே கை இறக்கியும் விடுகிறது.

இவை எல்லாம் அவர் ஆப்ஷனை விற்றிருந்தால்தான். மக்கள் பலர் கால்களை விற்று, அவற்றை மார்க்கெட் மேக்கர் வாங்கியிருந்தால் கணக்கு தலைகீழ்: விலை ஏறினால் பங்கை விற்பார், இறங்கினால் வாங்குவார், ஆட்டம் அடங்கும். ஆப்ஷன் வர்த்தகம் பெருகியது என்ற செய்தியை வைத்து மட்டும் எதுவும் சொல்ல முடியாது. நிலுவையிலுள்ள ஒப்பந்தங்களின் எண்ணிக்கையை எவரும் பார்க்கலாம். மார்க்கெட் மேக்கர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பது அதில் தெரியாது. அந்தப் பக்கத்தை ஊகித்துத்தான் பலரும் காமா கணக்கு வெளியிடுகிறார்கள்.

கேம்ஸ்டாப்பிலேயே இந்த ஊகம் இடறியது. அமெரிக்கப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையமான எஸ்.இ.சி.யின் அதிகாரிகள் 2021 அக்டோபரில் வெளியிட்ட அறிக்கையில், அந்த ஜனவரியில் காமா ஸ்குவீஸ் நடந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை என்றார்கள். தனிநபர்களின் ஆப்ஷன் வர்த்தகம் ஜனவரி 21இல் 5.85 கோடி டாலராக இருந்து 27இல் 240 கோடி டாலரை எட்டியது உண்மை. ஆனால் அந்தப் பெருக்கத்தில் பெரும்பகுதி, விலை இறங்கினால் லாபம் தரும் புட் ஆப்ஷன்களை வாங்கியதால் வந்தது. கால்களைப் பொறுத்தவரை மார்க்கெட் மேக்கர்கள் விற்பவர்களாக இல்லை, வாங்குபவர்களாக இருந்தார்கள். ஷார்ட் விற்றவர்கள் பதறி வாங்கியதும் ஏற்றத்துக்கு ஒரு காரணம்தான்; ஆனால் வாரக்கணக்கில் விலையைத் தாங்கிப் பிடித்தது அந்தப் பங்கின் மேல் நம்பிக்கை வைத்தவர்கள் நேரடியாக வாங்கியதுதான் என்பது அறிக்கையின் முடிவு.