வட்ட முகத்துக்கு எந்த வெட்டு?

முகம் வட்டமா என்று பார்க்க முடியை இழுத்துக் கட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்று அளக்க வேண்டும். இஞ்ச் டேப் கன்னத்தின் வளைவோடு வளைந்து அகலத்தைக் கூட்டிக் காட்டிவிடும். ஸ்கேலை முகத்துக்கு நேராகப் பிடிப்பதே சரி. நெற்றியில் முடி தொடங்கும் இடத்திலிருந்து தாடை நுனி வரை உள்ள நீளமும் கன்ன எலும்புகளுக்கு இடைப்பட்ட அகலமும் ஏறக்குறைய சமமாக இருந்து, தாடையோரமும் கோணமில்லாமல் வளைந்திருந்தால் அது வட்ட முகம்.

முகத்தையும் அதைச் சுற்றியுள்ள முடியையும் கண் ஒரே வடிவமாகத்தான் பார்க்கிறது. முடி எங்கே உப்பி நிற்கிறதோ அங்கே அகலம் கூடும். எங்கே நேர்கோடாக முடிகிறதோ அங்கே பார்வை நின்றுவிடும். தாடை மட்டத்தில் முடியும் பாப் வெட்டு வட்ட முகத்தைப் பெரிதாக்குவது இதனால்தான். புருவத்துக்கு மேல் நேராக வெட்டிய முன்முடியும் நெற்றியை மறைத்து, இருக்கும் நீளத்தையும் குறைத்துவிடும். முன்முடி வேண்டுமென்றால் கோணல் வகிடெடுத்து, ஒரு பக்கமாகச் சரிந்து கன்ன எலும்புக்குக் கீழே முடியும்படி வெட்டிக்கொள்ளலாம்.

முதுகு வரை அடர்ந்த அலைமுடி உள்ள ஒருவர் அதைக் குட்டையாக்க விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குப் பொருந்துவது கழுத்துப்பட்டை எலும்பைத் தொடும் நீளம். முழுவதையும் ஒரே நீளமாக வெட்டினால் அடர்ந்த முடி கீழே முக்கோணமாக விரியும். ஆகவே லேயர் தேவை. பல பார்லர்களில் பிசகுவது இந்த இடத்தில்தான். முகத்தையொட்டிய முதல் லேயர் தாடைக்கு இரண்டு விரல் கீழே தொடங்க வேண்டும். கன்ன மட்டத்தில் தொடங்கினால் அந்த நுனிகள் சுருண்டு, எங்கே ஒடுங்க வேண்டுமோ அங்கேயே உப்பும். உச்சியில் மட்டும் சற்றுக் குட்டையான லேயர் விட்டால் முடி எழும்பி நின்று உயரம் தரும்.

ஈரத்தில் தோளைத் தொடும் அலைமுடி, காய்ந்ததும் ஓரிரு அங்குலம் மேலேறிவிடும். அதனால் முதலில் நீளமாக விட்டு வெட்டி, காயவைத்துப் பார்த்து, பிறகு குறைப்பதே பாதுகாப்பு. காய்ந்த பின் முடி எந்த மட்டத்தில் அகன்று நிற்கிறது என்று நேராகப் பார்க்க வேண்டும். அது கன்னத்துக்குப் பக்கத்தில் இருந்தால் வெட்டு தவறிவிட்டது. முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். அதுவரை ஒரு பக்க முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிச் சமாளிக்கலாம்.

ஆண்களுக்கும் கணக்கு இதேதான், வேலை எளிது. காதோரத்தை மெஷினில் ஒன்று அல்லது இரண்டாம் நம்பரில் ஒட்ட எடுத்து, மேலே இரண்டு மூன்று அங்குலம் விட்டு, படிய வாராமல் மேல்நோக்கி வாரினால் போதும். தாடி வைப்பவர்கள் கன்னத்தில் குறைத்து, தாடை நுனியில் மட்டும் நீளமாக விடலாம்.