காற்றைவிடக் கொடியது, காற்று தள்ளிவரும் கடல்

கொட்டாஞ்சேனையில் எழுபது வயதைத் தாண்டிய பெரியவர்களிடம் தனுஷ்கோடி என்று சொன்னால் 'போட் மெயில்' கதை வரும். சென்னை எழும்பூரில் ரயிலேறி, தனுஷ்கோடியில் கப்பலுக்கு மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயில் பிடித்துக் கோட்டைக்கு வந்து சேர்ந்த பாதை அது. 1964 டிசம்பர் 22ஆம் திகதி இரவு அந்தப் பாதையில் இருந்த தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனது. பாம்பனில் இருந்து புறப்பட்ட பயணிகள் ரயில் தனுஷ்கோடி நிலையத்தை நெருங்கும்போது, நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு கடல்நீருக்குள் போய்விட்டது. ஊர் இனி மனிதர் வாழத் தகுதியற்றது என்று பின்னர் மதராஸ் அரசு அறிவித்தது.

அதைப் 'புயற்காற்று அழித்த ஊர்' என்று சொல்லிப் பழகிவிட்டோம். கூரையைக் கொண்டுபோனது காற்றுதான். ஊரையும் ரயிலையும் கொண்டுபோனது கடல். சூறாவளி எச்சரிக்கை வரும்போது காற்றின் வேகத்தை மட்டும் கேட்டுவிட்டு வானொலியை நிறுத்துகிறவர்களுக்கு இந்த வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும்.

சூறாவளிக்குத் தீனி வெந்நீர். கடலின் மேற்பரப்பு ஏறக்குறைய 26.5 பாகை செல்சியஸுக்கு மேல் சூடாக இருந்தால் ஆவி நிறைய எழும்பும். அது மேலே போய் மழைத்துளியாக மாறும்போது தன்னிடமிருந்த வெப்பத்தை விடுகிறது. அந்த வெப்பத்தால் காற்று இன்னும் மேலேற, கீழே அமுக்கம் குறைகிறது. குறைந்த இடத்தை நிரப்பச் சுற்றுப்புறக் காற்று பாய்கிறது. பூமி சுழல்வதால் அது நேரே வராமல் வளைந்து, நம் பக்கத்தில் மணிக்கூட்டு முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழலத் தொடங்குகிறது. நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதியில் இந்த வளைப்பு மிகப் பலவீனம். அதனால் அங்கே சூறாவளி உருவாவது அரிது. இலங்கை வட அகலக்கோடு 6 பாகைக்கும் 10 பாகைக்கும் இடையில் இருப்பதால் அந்த விளிம்பிலேயே கிடக்கிறது. வருவதில் பெரும்பாலானவை நவம்பர், டிசம்பரில் வங்காள விரிகுடாவில் இருந்து வருகின்றன. கிழக்குக்கும் வடக்குக்கும்தான் முதல் அடி விழும். 1964 சூறாவளியும் அந்தமான் பக்கம் பிறந்து, வவுனியா வழியாகத் தீவைக் குறுக்கறுத்து, பாக்கு நீரிணையில் இறங்கியது. 1978 நவம்பர் 23ஆம் திகதி மட்டக்களப்பைத் தாக்கியதும் கிழக்கில் இருந்து வந்ததுதான்.

வளர்ந்த சூறாவளியின் நடுவில் 'கண்' இருக்கும். அங்கே காற்று அடங்கி, சில நேரம் நட்சத்திரம்கூடத் தெரியும். கண்ணைச் சுற்றி நிற்கும் முகில் மதிலில்தான் மிகக் கொடிய காற்று. அதற்கு வெளியே மழைப்பட்டைகள் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் விரியும். கண் கடக்கும்போது 'ஓய்ந்துவிட்டது' என்று கூரை பார்க்க வெளியே வருகிறவர் மேல், சற்று நேரத்தில் எதிர்த்திசையில் இருந்து மதிலின் மறுபாதி வந்து விழும்.

இப்போது கடலுக்கு வருவோம். மையத்தில் அமுக்கம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல்மட்டம் ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் உயரும். கடும் சூறாவளியில் 50 மில்லிபார் குறைந்தாலும் அரை மீற்றர்தான். மிச்ச உயரம் காற்று தள்ளித் தருவது. கரைநோக்கி மணித்தியாலக்கணக்கில் அடிக்கும் காற்று மேற்பரப்பு நீரை இழுத்துவந்து கரையில் குவிக்கிறது. கடல் ஆழமாக இருந்தால் குவிந்த நீர் அடியால் திரும்பிப் போய்விடும். ஆழமற்ற கடலில் அதற்கு வழியில்லை, ஏறித்தான் ஆகவேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 144 கிலோமீற்றர் காற்று 50 கிலோமீற்றர் நீளமான கடற்பரப்பின் மேல் விடாமல் கரைநோக்கி அடிக்கிறது என்று வையுங்கள். ஆழம் 100 மீற்றர் என்றால் கரையில் நீர் உயர்வது சுமார் 20 சென்ரிமீற்றர். அதே காற்று, அதே தூரம், ஆழம் மட்டும் 10 மீற்றர் என்றால் உயர்வு ஏறக்குறைய 2 மீற்றர். காற்று இரட்டித்தால் இந்த உயர்வு நான்கு மடங்காகும். இதன் மேல் அமுக்கத்தின் பங்கு, வற்றுப்பெருக்கு, அலை எல்லாம் ஏறும்.

பாக்கு நீரிணையும் அதன் விரிகுடாவும் பெரும்பாலும் பத்துப் பதினைந்து மீற்றருக்குள் ஆழம் கொண்டவை. தெற்கே இராமேஸ்வரம் தீவும் மணல்திட்டுகளும் அடைத்துக் கிடக்கின்றன. மேற்கு நோக்கி வரும் சூறாவளியின் முன்பக்கத்தில் காற்று வடக்கில் இருந்து அடிக்கும். தெற்கே தள்ளப்பட்ட தண்ணீர் போக இடமின்றி, மிகத் தாழ்ந்த மணல்நாக்கான தனுஷ்கோடியின் மேல் ஏறியது. ஒரு கன மீற்றர் கடல்நீரின் நிறை ஆயிரம் கிலோவுக்குச் சற்று மேல். சுவர், தண்டவாளம் எதுவும் அந்தத் தள்ளலுக்குக் கட்டப்பட்டதல்ல. தாழ்ந்த கரையில் இந்த நீர் கிலோமீற்றர்க் கணக்கில் உள்ளே போகும். போகும்போது கிணறுகளையும் வயல்களையும் உப்பாக்கிவிட்டே திரும்பும்.

அப்படியானால் கொழும்புக்கு என்ன பயம்? துறைமுகத்துக்கு வெளியே கடல் விரைவில் ஆழமாகிவிடுகிறது. கிழக்கில் இருந்து வரும் சூறாவளி தரையைக் கடந்தபின்தான் இங்கே வரும். ஆகவே தனுஷ்கோடி போன்ற கடற்பெருக்கு கொட்டாஞ்சேனைக்கு வரும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் 2025 நவம்பர் இறுதியில் வந்த 'டித்வா'வை மறக்கக்கூடாது. காற்றில் அது பெரிய சூறாவளியே அல்ல. மழையும் மண்சரிவும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயின, களனி கங்கை பெருகிக் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கங்கள் நீரில் நின்றன. மட்டக்குளியில் கங்கை கடலோடு சேரும் இடத்தில் கடல்மட்டம் சற்று உயர்ந்திருந்தாலே வெள்ளம் வடியச் சுணங்கும். நம் பகுதிக்குக் கடல் செய்யும் தீங்கு பெரும்பாலும் இந்த வடிவில்தான் வரும்.

மன்னார், மட்டக்களப்பு, யாழ்ப்பாணத் தீவுப்பகுதி என்று கரையோரத்தில் உறவினர் இல்லாத வீடு கொட்டாஞ்சேனையில் குறைவு. எச்சரிக்கை வந்தால் அவர்களிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: மையம் உங்களுக்கு எந்தப் பக்கத்தால் போகிறது, வீட்டுவாசல் கடல்மட்டத்தில் இருந்து எவ்வளவு உயரம், உயர்ந்த கட்டடம் எது? கிழக்குக் கரையில் மையத்துக்கு வடக்கே இருப்பவர்களுக்குத்தான் காற்று கடலில் இருந்து நேரே கரைக்கு அடிக்கும். பாதை நீரில் மூழ்குமுன் பகலிலேயே வெளியேற வேண்டும். நீர் ஏறத் தொடங்கிய பின் இருளில் நடப்பது தற்கொலைக்குச் சமம்.

எச்சரிக்கையைத் தமிழில் பெறுவது யாரும் போடும் பிச்சை அல்ல. அரசியலமைப்பின்படி தமிழ் அரச கரும மொழி. கொழும்பிலும் அரச அலுவலரோடு தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் உங்களுக்கு உரித்துண்டு. வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தல் விளங்காவிட்டால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தை 117இல் அழைத்துத் தமிழிலேயே கேளுங்கள். உங்கள் பிரிவுக்கான வெளியேற்றத் திட்டம், தங்குமிடப் பட்டியல் ஆகியவற்றை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பிரதேச செயலகத்தில் எழுதிக் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும்.

சேதம் வந்துவிட்டால் முதலில் படம் எடுங்கள், பிறகு சேற்றைக் கழுவுங்கள். சுவரில் நீர் நின்ற கோடு தெரியும்படி, திகதியோடு எடுக்கவேண்டும். உடனே கிராம உத்தியோகத்தரிடம் சொல்லிப் பதிவுசெய்யுங்கள், எழுதிக் கொடுத்த கடிதத்தின் பிரதியில் அவரது கையொப்பத்தை வாங்கிக்கொள்ளுங்கள். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், உறுதி அல்லது வாடகை ஒப்பந்தம், வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் ஒரே நெகிழிப் பைக்குள் நவம்பர் பிறக்குமுன் போட்டு வையுங்கள். வாடகைக்கு இருப்பவர்கள் பெயர் பிரதேசப் பதிவில் இருக்கிறதா என்று இப்போதே போய்ப் பாருங்கள், வெள்ளம் வந்த பிறகு அந்த வரிசை மிக நீளம்.