கை கழுவக் கற்றுக்கொடுத்த பிறகு

ஒரு மருத்துவமனையில் நாற்பது நர்ஸ்களுக்குக் கைச் சுத்தம் பற்றி அரைநாள் பயிற்சி நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடைசிப் பத்து நிமிடத்தில் ஒரு தாள் கைக்குக் கை வருகிறது. பயிற்சி எப்படி இருந்தது, பேசியவர் எப்படிப் பேசினார், அரங்க வசதி போதுமா என்று கேள்விகள். முப்பத்தாறு பேர் 'மிக நன்று' என்று டிக் அடிக்கிறார்கள். பயிற்சி வெற்றி என்று நிர்வாகத்துக்கு அறிக்கை போய்விடுகிறது.

அந்தத் தாள் காட்டுவது முதல் படியை மட்டும்தான். பயிற்சியை நான்கு படிகளில் எடைபோட வேண்டும் என்று அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-ல் எழுதத் தொடங்கினார். வந்தவர்களுக்குப் பிடித்ததா, அவர்கள் கற்றார்களா, கற்றதை வேலையில் செய்கிறார்களா, அதனால் விளைவு ஏதும் மாறியதா என்பவையே அந்த நான்கு. முதல் படியில் நல்ல மதிப்பெண் வந்துவிட்டால் மற்ற மூன்றும் தானே வந்துவிடும் என்று நம்புவதுதான் பெரிய தவறு. சுவையாகப் பேசியவரின் வகுப்பில் ஒன்றும் கற்காமல் மகிழ்ச்சியாக வெளியே வர முடியும். அந்தத் தாளில் ஒரே ஒரு கேள்விக்குத்தான் இடம் உண்டென்றால், "நாளை நோயாளியின் கட்டிலருகே இதைச் செய்ய உங்களைத் தடுக்கப்போவது எது?" என்று கேட்பேன். அதற்கு வரும் பதில் மூன்றாம் படிக்கு உதவும்.

இரண்டாம் படியைச் சோதிப்பது எளிது. பயிற்சிக்கு முன்னும் பின்னும் ஒரே கேள்வித்தாளைக் கொடுத்தால் அறிவு கூடியதா என்று தெரியும். கையின் திறமையைப் பார்க்க வேறு வழி இருக்கிறது. புற ஊதா விளக்கில் ஒளிரும் ஒரு திரவத்தைக் கைகளில் தேய்க்கச் சொல்லி, பிறகு விளக்கடியில் காட்டச் சொல்வார்கள். திரவம் படாத இடம் இருட்டாக நிற்கும். பெரும்பாலும் அது கட்டைவிரலாகவோ விரல் நுனியாகவோ இருக்கும்.

மூன்றாம் படியில்தான் பல பயிற்சிகள் விழுகின்றன. ஒரு மாதம், இரண்டு மாதம் கழித்து ஒருவர் வார்டில் நின்று பார்க்க வேண்டும். கை சுத்தம் செய்ய வேண்டிய தருணங்கள் இருநூற்றைக் கவனித்து, எத்தனையில் செய்தார்கள் என்று எண்ண வேண்டும். பயிற்சிக்கு முன் 90, பின் 140 என்றால் 45 சதவீதம் 70 ஆகியிருக்கிறது. பயிற்சிக்கு முன்பே எண்ணி வைக்காதவருக்கு இந்த ஒப்பீடு கிடைக்காது. யாரோ பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் எல்லோரும் கூடுதலாகவே கழுவுவார்கள். அதனால் வார்டில் மாதம் எத்தனை லிட்டர் கைத்தேய்ப்புத் திரவம் தீர்ந்தது என்ற கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது.

எண் ஏறவில்லை என்றால் உடனே இன்னொரு வகுப்பு வைக்கிறார்கள். அது பெரும்பாலும் வீண். இரண்டாம் படியில் தேறியவர் மூன்றாம் படியில் செய்யவில்லை என்றால் குறை அவரிடம் இல்லை, வேலையிடத்தில் இருக்கிறது. திரவப் புட்டி கட்டிலிலிருந்து பத்தடி தள்ளி இருக்கலாம். அவசரப்படுத்தும் மேலதிகாரி இருக்கலாம். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், இதயத்துக்கு அருகே போகும் பெரிய ரத்தக்குழாயில் கதீட்டர் போடும்போது தொற்று வராமல் தடுக்க டாக்டர் பீட்டர் ப்ரோனோவோஸ்ட் குழு முயன்றபோது, வகுப்பு நடத்தியதோடு நிற்கவில்லை. பல இடங்களில் சிதறிக் கிடந்த பொருள்களை ஒரே தள்ளுவண்டியில் சேர்த்தார்கள். மருத்துவர் ஒரு படியை விட்டுவிட்டால் நிறுத்தச் சொல்லும் அதிகாரத்தை நர்ஸுக்குக் கொடுத்தார்கள்.

நான்காம் படி, தொற்று குறைந்ததா என்பது. இதை ஆயிரம் கதீட்டர் நாளுக்கு எத்தனை ரத்தத் தொற்று என்று கணக்கிடுவார்கள். பத்து நோயாளிகளுக்கு நூறு நாள் கதீட்டர் இருந்தால் ஆயிரம் நாள். ஒரே மருத்துவமனையில் 1500 நாளில் ஆறு தொற்று மூன்றாகக் குறைந்தால் விகிதம் நான்கிலிருந்து இரண்டாகிறது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் இவ்வளவு சிறிய எண்கள் தற்செயலாகவும் இப்படி ஏறி இறங்கும். மிச்சிகன் மாநிலத்தில் ப்ரோனோவோஸ்ட் முறை பரவியபோது 103 ஐ.சி.யு.க்களின் கணக்கு கிடைத்தது. சராசரி 7.7-லிருந்து பதினெட்டு மாதத்துக்குள் 1.4 ஆனது. 2006-ல் வெளியான இந்த முடிவு உலகெங்கும் பேசப்பட்டது.

இங்கிலாந்து இதையே செய்து பார்த்தது. அங்கும் பெரியவர்களுக்கான ஐ.சி.யு.க்களில் 3.7 என்ற விகிதம் 1.48 ஆனது. ஆனால் ஐ.சி.யு.க்களைக் கட்டம் கட்டமாகச் சேர்த்திருந்ததால் இன்னொன்றும் தெரிந்தது: திட்டம் இன்னும் தொடங்காத இடங்களிலும் தொற்று குறைந்துகொண்டே வந்திருந்தது. எல்லோரையும் ஒரே நாளில் பயிற்றுவித்திருந்தால் முழுப் பெருமையும் திட்டத்துக்கே போயிருக்கும்.

நம் நாற்பது நர்ஸ்களுக்கும் இது பொருந்தும். இருபது பேர் இருக்கும் ஒரு வார்டில் முதலில் தொடங்கி, மற்ற வார்டில் ஆறு மாதம் கழித்துத் தொடங்கலாம். அந்த ஆறு மாதமும் இரண்டு வார்டிலும் ஒரே விதமாக எண்ணிக்கொண்டிருக்க வேண்டும்.