ஹாரனுக்கு நடுவே ஒரு பாட்டு

மதுரை மாட்டுத்தாவணி பேருந்து நிலையத்தில் ஒரு ஜூஸ் கடை ஸ்பீக்கரில் பழைய பாட்டு ஒன்று ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறது, பெயர் மட்டும் வாயில் வரவில்லை. பக்கத்தில் நின்றவர் ஃபோனை எடுத்துப் பத்து விநாடி பதிவு செய்கிறார். பிறகு போட்டுக் கேட்டால் “திருநெல்வேலி, திருநெல்வேலி” என்று கண்டக்டர் கூவுவதும், பின்னால் வந்த பஸ்ஸின் ஏர்ஹாரனும், நூறு பேர் பேசும் சலசலப்பும்தான் காதில் விழுகின்றன. பாட்டு எங்கோ அடியில் கிடக்கிறது. ஆனால் ஷாஸாம் போன்ற ஓர் ஆப்புக்கு இந்தப் பத்து விநாடியைக் கொடுத்தால், பல நேரம் பாட்டின் பெயரும் படத்தின் பெயரும் சட்டென்று வந்துவிடுகின்றன.

இரைச்சலை வடிகட்டி, பாட்டைச் சுத்தமாக்கி, பிறகு அதைக் கேட்டு அடையாளம் சொல்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். வடிகட்டும் வேலையே அங்கு நடப்பதில்லை. அசல் பாட்டு ஏற்கெனவே சர்வரில் இருக்கிறது. நம் பதிவில் எஞ்சியிருக்கும் துணுக்குகள் அதில் எங்கே பொருந்துகின்றன என்று பார்ப்பது மட்டுமே வேலை.

ஷாஸாம் தொடங்கியபோது ஸ்மார்ட்ஃபோன் பரவலாகவில்லை. 2002-ல் பிரிட்டனில் 2580 என்ற எண்ணைச் சுழற்றி, ஃபோனைப் பாட்டு வரும் பக்கம் நீட்டிப் பிடிக்க வேண்டும். இணைப்பு தானாகத் துண்டிக்கப்பட்டு, பாட்டின் பெயர் எஸ்.எம்.எஸ்-ஸில் வரும். மனிதக் குரலுக்காக மட்டுமே வடிவமைத்த செல்ஃபோன் இணைப்பில், மதுக்கடைக் கூச்சலுக்கு நடுவே, இது நடந்தாக வேண்டும். அதற்கு வழி கண்டவர் ஸ்டான்ஃபோர்டில் படித்த ஏவரி வாங். தன் முறையை அவர் 2003-ல் ஓர் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். ஒலியைக் கொண்டு பாட்டைக் கண்டுபிடிக்கும் பல கருவிகளுக்கு இன்றும் அதுவே பாலபாடம்.

முதல் வேலை, பதிவை ஒரு வரைபடமாக்குவது. இடமிருந்து வலமாக நேரம். கீழிருந்து மேலாக ஒலியின் அதிர்வெண். கீழே தவிலின் தொப்பி போன்ற கனத்த ஒலி, மேலே ஜால்ராவின் கீச்சொலி. எந்த நேரத்தில் எந்த அதிர்வெண்ணில் ஒலி பலமாக இருந்ததோ அந்த இடம் அடர்த்தியாகத் தெரியும். இந்தப் படத்தில் அக்கம்பக்கத்தைவிட ஓங்கி நிற்கும் உச்சப் புள்ளிகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் எறிந்துவிடுகிறார்கள். எவ்வளவு சத்தம் என்ற அளவைக்கூட வைத்துக்கொள்வதில்லை. மிஞ்சுவது கறுப்பு வானில் நட்சத்திரங்கள் தூவிய மாதிரி ஒரு படம்.

இரைச்சலைத் தாங்கும் சூட்சுமம் இந்த உச்சங்களில்தான் இருக்கிறது. ஓர் உச்சம் அழிய வேண்டுமென்றால், அதே கணத்தில், அதே அதிர்வெண்ணில், அதைவிடப் பலமான வேறு சத்தம் வந்து விழ வேண்டும். பஸ் இன்ஜினின் உறுமல் பெரும்பாலும் படத்தின் அடிப்பகுதியில் கிடக்கும்; வயலினும் பாடகியின் குரலும் அதற்கு மேலே. ஏர்ஹாரன் காதைப் பிளந்தாலும் படத்தில் அது சில கிடைக்கோடுகள்தான். கோடுகளுக்கு இடையே பாட்டின் புள்ளிகள் அப்படியே இருக்கும். கூட்டத்தின் பேச்சு பாட்டின் இடத்திலேயே விழுவதால் அதுதான் அதிகச் சேதம் செய்கிறது. ஆனாலும் பேச்சு அசைக்கு அசை விட்டுவிட்டு வருவது. அந்த இடைவெளிகளில் பாட்டு தலைகாட்டும்.

ஆக, நம் பத்து விநாடியில் 150 உச்சங்கள் கிடைத்தன என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். அதில் 100 ஹாரனும் கண்டக்டரும் கூட்டமும் போட்டவை. பாட்டுக்குச் சொந்தமானவை 50. எது எதுவென்று கருவிக்குத் தெரியாது. அதைப் பிரித்தறிய அது முயல்வதுமில்லை.

ஒற்றை உச்சத்தை வைத்துக்கொண்டு தேட முடியாது. ‘ஆயிரம் ஹெர்ட்ஸில் ஒரு புள்ளி’ என்றால் அது எல்லாப் பாட்டிலும் இருக்கும். அதனால் ஒவ்வோர் உச்சத்தையும் அதற்குச் சற்றுப் பின்னால் வரும் சில உச்சங்களோடு ஜோடி சேர்க்கிறார்கள். முதல் புள்ளியின் அதிர்வெண், இரண்டாவதின் அதிர்வெண், இரண்டுக்கும் நடுவில் கடந்த நேரம். இந்த மூன்றும் சேர்ந்து ஒரு ஜோடியின் முகவரி. ஒவ்வொன்றையும் சுமார் ஆயிரம் அளவுகளில் ஒன்றாகக் குறித்தாலே நூறு கோடி விதமான முகவரிகள் வந்துவிடும். சர்வரில் இருக்கும் ஒவ்வொரு பாட்டும் முன்கூட்டியே இப்படி முகவரிகளாக உடைக்கப்பட்டு, எந்தப் பாட்டில் எத்தனையாவது விநாடியில் என்ற குறிப்போடு அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது.

ஜோடி சேர்ப்பதில் ஒரு நஷ்டமும் உண்டு. ஜோடி பிழைக்க வேண்டுமானால் இரண்டு புள்ளிகளும் பாட்டினுடையவையாக இருக்க வேண்டும். நம் கணக்கில் மூன்றில் ஒரு புள்ளிதான் பாட்டுக்குச் சொந்தம் என்பதால், ஒன்பது ஜோடியில் ஏறக்குறைய ஒன்றுதான் உருப்படி. ஒவ்வொரு புள்ளிக்கும் பத்து ஜோடி போட்டால் 1500 ஜோடிகள். அதில் நூற்றைம்பது சொச்சம் மட்டும் பாட்டைச் சேர்ந்தவை. அவற்றிலும் அசலோடு கச்சிதமாகப் பொருந்துபவை இன்னும் குறையும். நாற்பது தேறியது என்றே வைத்துக்கொள்வோம்.

1500-ல் நாற்பது. மற்றவை குப்பை. குப்பை ஜோடிகளும் சும்மா இருப்பதில்லை. லட்சக்கணக்கான பாட்டுகளில் எங்கெங்கோ தற்செயலாகப் பொருந்தி வைக்கும். அந்தக் குழப்பத்திலிருந்து சரியான பாட்டைப் பிரித்தெடுப்பது ஓர் எளிய கழித்தல் கணக்கு.

நம் பதிவில் 1.2-ஆவது விநாடியில் இருந்த ஒரு ஜோடி, ஒரு பாட்டில் 73.2-ஆவது விநாடியில் பொருந்துகிறது. வித்தியாசம் 72. அதே பாட்டில் 4.5-ஆவது விநாடி ஜோடி 76.5-ல் பொருந்துகிறது. மறுபடியும் 72. 8.7-ஆவது விநாடி ஜோடி 80.7-ல்; அதுவும் 72. உண்மையான பாட்டு என்றால் நாற்பது ஜோடியும் இதே எண்ணைத்தான் சொல்லும், ஏனென்றால் நாம் பாட்டின் 72-ஆவது விநாடியிலிருந்து பதிவு செய்யத் தொடங்கியிருக்கிறோம். தப்பான பாட்டில் அறுபது ஜோடி பொருந்தினாலும், வித்தியாசம் ஒன்றுக்கு 40.1, இன்னொன்றுக்கு 155.3, மற்றொன்றுக்கு 9.8 என்று சிதறிக் கிடக்கும். எந்தப் பாட்டில் ஒரே வித்தியாசம் திரும்பத் திரும்ப வந்து குவிகிறதோ அதுவே விடை. ஹாரன் எவ்வளவு உரக்க அடித்தாலும் இந்த ஒற்றுமையைப் போலியாக உண்டாக்க முடியாது. ஜோடிகளில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பிழைத்தாலே போதும் என்று வாங் எழுதியதற்குக் காரணம் இதுதான்.

மதுக்கடையில் பதிவு செய்த சத்தத்தைப் பாட்டுகளோடு கலந்து அவர் சோதித்துப் பார்த்தார். இரைச்சலின் ஆற்றல் பாட்டைப்போல் நான்கு மடங்கு இருந்தபோதும், பத்து விநாடித் துணுக்குகளில் ஏறக்குறைய பாதி அடையாளம் தெரிந்தன. துணுக்கு பதினைந்து விநாடியாக நீண்டபோது எட்டு மடங்கு இரைச்சலிலும் அதே பலன். ஐந்து விநாடியாகக் குறைந்தால் இரண்டு மடங்குவரைதான் தாக்குப்பிடித்தது. மாட்டுத்தாவணியில் நிற்பவருக்கு இதில் பாடம் இருக்கிறது: சத்தம் கூடக் கூட, பதிவின் நீளத்தையும் கூட்ட வேண்டும்.

தோற்கும் இடங்களும் இந்த முறைக்குள்ளேயே இருக்கின்றன. கோயில் திருவிழாவில் மெல்லிசைக் குழு அதே பாட்டை அச்சுப்பிசகாமல் பாடினாலும் விடை வராது. நம் காதுக்கு ஒன்றாகத் தோன்றுவது, நூறில் ஒரு பங்கு விநாடிக் கணக்கில் பார்த்தால் வேறு வேறு இடத்தில் விழுகிறது. ராகம், மெட்டு எதுவும் இந்தக் கருவிக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் குறிப்பிட்ட ஓர் ஒலிப்பதிவுதான். மேடைக் கச்சேரி என்று சொல்லி ஒலிப்பதிவை ஓடவிட்டு வாயசைத்தால், அது பிடித்துக் கொடுத்துவிடும்.

பழைய கேசட் இன்னொரு சிக்கல். டேப் ரெக்கார்டர் இரண்டு சதவீதம் வேகமாக ஓடுகிறது என்றால் நம் காது கண்டுகொள்ளாது. ஆனால் 1000 ஹெர்ட்ஸில் இருக்க வேண்டிய உச்சம் 1020-க்கு நகர்ந்துவிடும். விநாடிக்கு 8000 மாதிரி எடுத்து, 1024 மாதிரிகளை ஒரு கட்டாக ஆராயும் கருவியில் ஒரு கட்டத்தின் அகலம் 8 ஹெர்ட்ஸுக்கும் குறைவு. ஆக, புள்ளி இரண்டு மூன்று கட்டம் தள்ளிப்போய், முகவரியே மாறிவிடுகிறது. சுத்தமான, இரைச்சலே இல்லாத பதிவுக்கு விடை வராமல் போனால், முதலில் சந்தேகப்பட வேண்டியது வேகத்தைத்தான். ஆடியோ எடிட்டரில் வேகத்தை ஒவ்வொரு சதவீதமாகக் கூட்டிக் குறைத்துத் தேடிப் பார்க்கலாம்.

நல்லெண்ணத்தில் செய்யும் ஒரு காரியமும் கெடுதலாக முடிகிறது. தேடுவதற்கு முன் பதிவைச் ‘சுத்தம்’ செய்வது. ஃபோனிலும் ஆப்களிலும் இருக்கும் இரைச்சல் நீக்கும் வசதிகள் பெரும்பாலும் பேச்சுக்காகச் செய்யப்பட்டவை. அவற்றின் கணக்கில் கண்டக்டர் குரல்தான் வேண்டிய ஒலி, பின்னணிப் பாட்டு களைய வேண்டிய இரைச்சல். ஹாரனோடு சேர்ந்து பாட்டின் புள்ளிகளும் போய்விடும். இரைச்சல் புள்ளிகள் கூடுதலாக இருப்பதைக் கருவி பொறுத்துக்கொள்ளும். பாட்டின் புள்ளிகள் இல்லாமல் போவதை ஈடுகட்ட அதற்கு வழியில்லை.

சரி, அந்தப் பத்து விநாடியிலிருந்து என்னென்ன மீண்டது? பாட்டின் பெயர், எந்த ஒலிப்பதிவு, 72-ஆவது விநாடி என்ற இடம். பாட்டு மீளவில்லை, அது சர்வரிலிருந்து வந்தது. ஆனால் இந்த மூன்று தகவலும் சேர்ந்தால் தடயவியல் ஒலி நிபுணர்களுக்கு வேறொரு கதவு திறக்கிறது. ஜூஸ் கடை அருகே இருவர் பேசியது பாட்டில் அமுங்கிப் போயிருந்து, அந்தப் பேச்சுதான் தேவை என்றால், அதே ஒலிப்பதிவின் அசலை 72-ஆவது விநாடியிலிருந்து நம் பதிவோடு வரிசைப்படுத்தி, கடையின் ஸ்பீக்கரும் சுவர் எதிரொலியும் அதை எப்படி மாற்றியிருக்கும் என்று கணித்து, பாட்டை மட்டும் கழிக்கிறார்கள். முழுமையாகக் கழியாது. அலறும் ஸ்பீக்கரின் கரகரப்பும், ஃபோன் பதிவைச் சுருக்கிச் சேமித்ததில் வந்த சிதைவும் எச்சமாக நிற்கும். வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாக மறுபடி சுருங்கிய பிரதியில் அந்த எச்சம் இன்னும் அதிகம். முதலில் பதிவான கோப்பைத் தொடாமல் வைத்திருந்து, நகலில் மட்டுமே எதையும் செய்து பார்க்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

ஹாரனையும் கூட்டத்தையும் இப்படிக் கழிக்க முடியாது. அந்த நேரத்தில் அந்த பஸ் அடித்த ஹாரனுக்கு அசல் எந்தச் சர்வரிலும் இல்லை. அதனடியில் முழுதாகப் புதைந்துபோன பேச்சை எந்த ஆப் ‘மீட்டுத் தந்தாலும்’, அது கேட்டுச் சொன்னதா, ஊகித்து நிரப்பியதா என்று கேட்டாக வேண்டும்.